போர் தண்ணீர் ரிப்போர்ட்: எது வரம்பைத் தாண்டியிருக்கிறது?

மணிவண்ணன்_தருமபுரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுப் போர் தண்ணீரைத் தருமபுரியில் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்தோம். ரிப்போர்ட் வந்துவிட்டது, ஆனால் வரம்பு என்று ஒவ்வொரு வரிக்கும் இரண்டு எண் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது என்று புரியவில்லை. கீழே "ப்ளூரைடு தவிர மற்றவை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டிருக்கிறார்கள்.

முதல் எண் எங்கள் தண்ணீர், அடுத்த இரண்டும் வரம்புகள். பி.எச்.-க்கு அலகு இல்லை, கலங்கல் என்.டி.யு. அலகில், கடைசி இரண்டு வரிகள் தவிர மற்றவை எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

பி.எச். 7.8 (6.5 முதல் 8.5 வரை, இரண்டாவது வரம்பு இல்லை)
கலங்கல் 0.8 (1, 5)
டி.டி.எஸ். 1260 (500, 2000)
மொத்தக் கடினத்தன்மை 520 (200, 600)
கால்சியம் 96 (75, 200)
மக்னீசியம் 68 (30, 100)
காரத்தன்மை 480 (200, 600)
குளோரைடு 310 (250, 1000)
சல்பேட் 92 (200, 400)
ப்ளூரைடு 1.9 (1.0, 1.5)
நைட்ரேட் 13.6 (45, இரண்டாவது வரம்பு இல்லை)
மொத்த கோலிபார்ம்: உள்ளது
ஈ.கோலை: இல்லை

வீட்டில் அம்மா, நான், மனைவி, 7 வயதுப் பெண், 4 மாதப் பையன். பையனுக்குத் தாய்ப்பாலோடு பால் பவுடரும் கொடுக்கிறோம். அதற்குப் போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கலக்கிறோம். தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அம்மாவுக்கு அதன் ருசி பிடிக்காது, அதனால் குடிக்க எடுப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்குப் புரிகிற மாதிரி எது தாண்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர்_சேகர்

இரண்டாவது எண்ணைப் பாருங்கள், அதுதான் உச்சவரம்பு. டி.டி.எஸ். 2000-க்குள், கடினம் 600-க்குள், குளோரைடு 1000-க்குள். எல்லாம் பாஸ். ப்ளூரைடு மட்டும் 0.4 கூட. நம்ம மாவட்டங்களில் இது சாதாரணம். நைட்ரேட் 45-க்கு 13.6, பிரமாதமான தண்ணீர். ஈ.கோலை இல்லை என்பதால் கோலிபார்மைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

கீழக்கரை_ரிஸ்வானா

எங்க வீட்டு போர் டி.டி.எஸ். 3800. வாயில் வைக்க முடியாது, குளித்தால் முடி கொட்டுகிறது. சாப்ட்னர் போடச் சொல்கிறார்கள். அதைப் போட்டால் உப்பு போய்க் குடிக்கிற மாதிரி ஆகுமா?

மீனாட்சி_நீர்வேதியியல்

மணிவண்ணன் தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். நைட்ரேட் வரியில் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? NO3 என்றா, NO3-N என்றா? ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே போடுங்கள். அது தெரிகிறவரை பையனுக்குப் போர் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் தண்ணீர் ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். மீதியை உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன்.

ரிஸ்வானா, சாப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடும். சோப்பு நுரைக்கும், கீசரில் உப்புப் படியாது. ஆனால் மொத்த உப்பு அப்படியேதான் இருக்கும். 3800 தண்ணீரைக் குடிக்கிற தண்ணீராக அதனால் மாற்ற முடியாது.

மணிவண்ணன்_தருமபுரி

மேடம், NO3-N என்றுதான் இருக்கிறது. பவுடர் பாலுக்கு நேற்றிலிருந்து கேன் தண்ணீர் வாங்கிவிட்டோம். ஏன் கேட்டீர்கள்?

மீனாட்சி_நீர்வேதியியல்

அப்படியானால் உங்கள் தண்ணீரில் நைட்ரேட் 60. வரம்பைத் தாண்டிவிட்டது.

நைட்ரேட் என்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. NO3-N என்று எழுதினால் அதில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் போட்டிருக்கிற 45 என்ற வரம்பு ஆக்சிஜனையும் சேர்த்த முழு நைட்ரேட்டுக்கானது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற 4.43-ஆல் பெருக்க வேண்டும். 13.6 பெருக்கல் 4.43 என்றால் 60-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நைட்ரஜனாகவே ஒப்பிட விரும்பினால் வரம்பு ஏறத்தாழ 10, உங்களுடையது 13.6. எப்படிப் பார்த்தாலும் அதிகம். கருவியிலிருந்து வந்த எண் சரிதான், அதை வேறு அலகின் வரம்புக்குப் பக்கத்தில் அச்சடித்ததில்தான் தவறு. ஆய்வகத்தில் இதைக் காட்டித் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இதில் கொதிக்க வைப்பது உதவாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அளவு கூடும். ப்ளூரைடுக்கும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் அதிகமான தண்ணீரில் பவுடர் கலந்து கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோகும் திறன் குறையலாம். உதடு, நகம் நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாய்ப்பாலில் நைட்ரேட் போய்ச் சேர்வது மிகக் குறைவு, அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஓசூர்_சேகர்

மேடம், அலகு விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் இரண்டாவது வரம்பு பற்றி நான் சொன்னது சரிதானே? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-லேயே அந்தப் பத்தி இருக்கிறது.

மீனாட்சி_நீர்வேதியியல்

இருக்கிறது சேகர் சார். அந்தப் பத்தியின் தலைப்பை முழுசாகப் படியுங்கள். "மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கப்படும் அளவு" என்பதுதான் அதன் பொருள். வேறு தண்ணீரே கிடைக்காத ஊருக்காகக் கொடுத்த தளர்வு அது. தம்பி வீட்டு வாசலில் ஒகேனக்கல் குழாய் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ப்ளூரைடு பிரச்சினை இருப்பதால்தான் அந்தத் திட்டத்தையே ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து 2013-ல் தொடங்கினார்கள். அதனால் இந்த வீட்டுக்கு, குடிக்கிற தண்ணீரைப் பொறுத்தவரை, முதல் எண்தான் கணக்கு.

சில வரிகளில் இரண்டாவது எண்ணே கிடையாது, கவனித்தீர்களா? நைட்ரேட் 45-க்குத் தளர்வு இல்லை. 100 மில்லியில் கோலிபார்ம் தென்படக் கூடாது என்பதற்கும் தளர்வு இல்லை.

தம்பி, வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்ட நான் எழுதினால் இப்படி எழுதுவேன். ரிப்போர்ட் தாளிலேயே பேனாவால் குறித்துக்கொள்ளலாம்.

சிவப்பு மையில் மூன்று வரிகள். ப்ளூரைடு 1.9, இரண்டு வரம்புகளையும் தாண்டியது. நைட்ரேட் 60, தளர்வில்லாத வரம்பைத் தாண்டியது. கோலிபார்ம் இருக்கவே கூடாது, இருக்கிறது. இந்த மூன்றுக்காகவும் இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.

மஞ்சளில் ஆறு: டி.டி.எஸ்., கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை, குளோரைடு. இவை முதல் எண்ணுக்கு மேலே, இரண்டாவதுக்குக் கீழே. ருசி மாறும், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் வரும், சோப்பு நுரைக்காது. அவசரப்பட இதில் ஒன்றும் இல்லை.

பி.எச்., கலங்கல், சல்பேட், ஈ.கோலை நான்கும் சரியாக இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம்.

ரிப்போர்ட்டின் மற்ற எண்களை நம்பலாமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மைக்குப் பக்கத்தில் வர வேண்டும். 96-க்கு 240, 68-க்கு 279, மொத்தம் 519. ரிப்போர்ட்டில் 520. ஆக இந்த மூன்றையும் கவனமாகவே செய்திருக்கிறார்கள். சில ரிப்போர்ட்களில் இது நூறு, இருநூறு வித்தியாசப்படும். அப்படி இருந்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்பட வேண்டும்.

கலைச்செல்வி_சேலம்

என் அக்கா பையனுக்கு முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கிறது. பல் டாக்டர் ப்ளூரைடு என்றார். தண்ணீரை மாற்றினால் போய்விடுமா? இங்கே 7 வயதுப் பெண் இருக்கிறாள் என்று படித்ததும் கேட்கத் தோன்றியது.

மீனாட்சி_நீர்வேதியியல்

வந்த கறை தண்ணீரை மாற்றுவதால் போகாது கலைச்செல்வி. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாதிப்பு நடந்துவிடுகிறது, முளைத்த பிறகு நமக்குத் தெரிகிறது. ஆனால் எட்டு வயது வரைக்கும் உள்ளே நிரந்தரப் பற்கள் தயாராகிக்கொண்டுதான் இருக்கும். அதனால் தம்பியின் மகளுக்கு இப்போது மாற்றினாலும் பலன் உண்டு, இனி வரப்போகிற பற்களுக்கு. 1.9 என்பது எலும்பு வளைகிற அளவு இல்லை. அதற்குப் பொதுவாக இதைவிட அதிகமான அளவில் பல வருஷம் குடித்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஆர்.ஓ._பாபு

வணக்கம். நான் பதினைந்து வருஷமாக இந்த வேலை செய்கிறேன். அண்ணா, ஒரு நல்ல ஆர்.ஓ. மெஷின் போட்டுவிடுங்கள், இந்த மூன்று சிவப்பும் குறையும். 1260 உள்ளே போனால் புது மெம்பிரேனில் 80, 90 வெளியே வரும். மீட்டரில் 90 காட்டினால் ப்ளூரைடு, நைட்ரேட் எல்லாம் போயாச்சு என்று அர்த்தம்.

மீனாட்சி_நீர்வேதியியல்

பாபு தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தப் பேனா மீட்டருக்கு ப்ளூரைடும் தெரியாது, நைட்ரேட்டும் தெரியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஒரு எண்ணைக் காட்டும். ப்ளூரைடு 1.9-ஐ முழுசாக எடுத்தாலும் 1260-ல் அது இரண்டு எண்கூட இல்லை, மீட்டர் ஆடவே ஆடாது. ஒகேனக்கல் தண்ணீரில் 200 காட்டுகிறது, கேனில் 60 காட்டுகிறது, ஆகவே கேன் மூன்று மடங்கு நல்லது என்று சொல்வதும் இதே தவறுதான்.

மீட்டரின் உபயோகம் வேறு. மெம்பிரேன் போட்ட அன்றைக்கு 1260 உள்ளே, 90 வெளியே என்று சுவரில் எழுதி வையுங்கள். வெளியே வருவது 250, 300 என்று ஏறினால் மெம்பிரேன் பழுதாகிக்கொண்டிருக்கிறது. மற்ற உப்புகளைவிட நைட்ரேட் மெம்பிரேனைத் தாண்டி அதிகமாகக் கசியும். அதனால் முதல் தடவை வெளியே வரும் தண்ணீரையும் ஆய்வகத்தில் ப்ளூரைடு, நைட்ரேட் இரண்டுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். முழுப் பரிசோதனை தேவையில்லை.

ஆர்.ஓ._பாபு

மேடம், ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிறைய மெஷினில் உள்ளே ஒரு சின்ன வால்வு இருக்கும், ருசிக்காகப் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்போம். "தண்ணீர் சப்பென்று இருக்கிறது" என்று வாடிக்கையாளர் சொன்னால் நாங்கள் அதைத் திருப்பிவிடுவோம். கலப்பது போர் தண்ணீர்தான்.

மீனாட்சி_நீர்வேதியியல்

நல்ல வேளை சொன்னீர்கள். இந்த வீட்டுத் தண்ணீருக்கு அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெம்பிரேன் ப்ளூரைடை 0.2-க்கும் நைட்ரேட்டை 12-க்கும் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால்பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் ப்ளூரைடு 0.6, நைட்ரேட் 24. வரம்புக்குள்தான். பாதிக்குப் பாதி கலந்தால் ப்ளூரைடு 1.05 ஆகிவிடும், நைட்ரேட் 36. மெம்பிரேன் பழசாக இருந்தால் இன்னும் மோசம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்த வால்வை முழுசாக மூடிவிடுங்கள் பாபு. கலக்கிற அந்தப் பங்கு மெம்பிரேன் வழியாக வராததால் கிருமிக்கும் யு.வி. விளக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

ஓசூர்_சேகர்

ஆர்.ஓ. இல்லாமல் படிகாரம் போட்டு ப்ளூரைடை எடுக்கலாம் என்று படித்திருக்கிறேன். நல்கொண்டா முறை என்பார்கள். ஐந்து ரூபாய்ச் செலவு.

மீனாட்சி_நீர்வேதியியல்

உண்மைதான், நாக்பூரில் இருக்கிற நீரி நிறுவனம் உருவாக்கிய முறை. ஆனால் கலங்கலைத் தெளிய வைக்க நாம் வீட்டில் சுற்றுகிற அளவு படிகாரம் அதற்குப் போதாது. சுண்ணாம்போடு சேர்த்து, காரத்தன்மையைப் பொறுத்து நிறையப் போட வேண்டும். அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரில் தங்கும். நைட்ரேட்டை அது தொடவே தொடாது. இந்த வீட்டுக்குப் பொருந்தாது. குழாய்த் தண்ணீர் இருக்கும்போது ஆர்.ஓ.கூட இரண்டாவது வழிதான் என்பது என் கருத்து. ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் போதும். இரண்டு நாளைக்கு ஐந்து குடம் பிடித்து மூடி வைத்தால் தீர்ந்தது. சோறு வடிக்கிற தண்ணீரும் குழம்புத் தண்ணீரும் அதுவாகவே இருக்கட்டும், அரிசியும் பருப்பும் உறிஞ்சுகிற தண்ணீர் வயிற்றுக்குள்தான் போகிறது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீர் போதும். ப்ளூரைடும் நைட்ரேட்டும் தோல் வழியாக உள்ளே போவதில்லை.

மணிவண்ணன்_தருமபுரி

ரொம்ப நன்றி மேடம். அம்மாவிடம் சிவப்பு மை தாளைக் காட்டினேன். குழாய்த் தண்ணீரை மண்பானையில் ஊற்றி வைத்தால் குடிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

கோலிபார்ம் பற்றிக் கேட்க வேண்டும். சாம்பிளை மொட்டை மாடி டேங்க் குழாயில்தான் பிடித்தேன், கழுவிய குளிர்பானப் பாட்டிலில். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மீனாட்சி_நீர்வேதியியல்

அப்படியானால் அந்த ஒரு வரியை வைத்து போர் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. பாட்டிலிலிருந்தும் வந்திருக்கலாம், டேங்கிலிருந்தும் வந்திருக்கலாம். ப்ளூரைடும் நைட்ரேட்டும் பாட்டிலால் பெரிதாக மாறியிருக்காது.

ஆய்வகத்தில் கிருமிநீக்கம் செய்த பாட்டில் இரண்டு வாங்குங்கள். மோட்டாரை ஐந்து பத்து நிமிஷம் ஓடவிட்டு, போர் வாயிலேயே ஒன்று. டேங்க் குழாயில் ஒன்று, குழாய் முனையை லைட்டரால் சுட்டுவிட்டு. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், கொடுத்துவிடுங்கள். டேங்கைச் சுத்தம் செய்வதற்கு முன்பே இரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

மணிவண்ணன்_தருமபுரி

மேடம், மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு ரிப்போர்ட்டும் வந்துவிட்டன. போர் வாயில் கோலிபார்ம் இல்லை. டேங்க் குழாயில் இருக்கிறது. நைட்ரேட் இந்த முறை NO3 என்றே போட்டு 58 என்று கொடுத்தார்கள், பழைய ரிப்போர்ட்டையும் 60 என்று திருத்தி, கீழே எழுதியிருந்த வரியையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். டேங்க் 1000 லிட்டர். மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது, உள்ளே பல்லி எச்சம் கிடந்தது.

மீனாட்சி_நீர்வேதியியல்

டேங்கைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். 200 கிராம் ப்ளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, கசடு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயையும் வாசனை வருகிறவரை திறந்து மூடிவிட்டு, ஒரு ராத்திரி வைத்திருங்கள். காலையில் முழுசாக வெளியேற்றிவிட வேண்டும், அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. புது மூடி போட்ட பிறகு நிரப்புங்கள்.

நைட்ரேட் 58 போர் வாயிலேயே வருகிறது என்றால் அது நிலத்தடியிலிருந்துதான். செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம்? மாட்டுக் கொட்டகை இருக்கிறதா? கேசிங் பைப் எத்தனை அடி இறக்கியிருக்கிறார்கள்?

மணிவண்ணன்_தருமபுரி

போர் 650 அடி. கேசிங் தெரியாது, அப்பா காலத்தில் போட்டது. செப்டிக் டேங்க் 30 அடிக்குள். எருக்குழி மறுபக்கம், அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம். சுற்றிலும் மரவள்ளிக்கிழங்குக் காடு, யூரியா போடுவார்கள். இன்னும் ஆழமாகப் போட்டால் நைட்ரேட் குறையுமா?

ஓசூர்_சேகர்

ஆழமாகப் போங்கள். எங்கள் பக்கம் 900 அடி போட்டவர்களுக்கு நைட்ரேட் இல்லை.

மீனாட்சி_நீர்வேதியியல்

நைட்ரேட் மேலிருந்து இறங்குவது, அதனால் குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் ப்ளூரைடு பாறையிலிருந்து கரைவது. தண்ணீர் பாறைக்குள் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கூடும். உங்கள் பக்கத்துக் கருங்கல் பாறையில் ஆழம் போனால் 1.9 என்பது 3 ஆகக்கூட வரலாம். ஒரே போரில் இரண்டும் இருப்பதைப் பார்த்தால், மேல்மட்டக் கசிவும் ஆழத்துத் தண்ணீரும் கலக்கின்றன என்று நினைக்கிறேன். கேசிங் குட்டையாக இருந்தால் அப்படி நடக்கும். செப்டிக் டேங்கா, எருக்குழியா, யூரியாவா என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது. குளோரைடும் சேர்ந்து அதிகமாக இருப்பதால் எனக்குச் செப்டிக் டேங்க் மேல்தான் சந்தேகம், ஆனால் கடினமான போர் தண்ணீரில் குளோரைடு தானாகவும் இருக்கும்.

ஆர்.ஓ._பாபு

அண்ணா, போர் கேமரா விடுகிறவர்கள் தருமபுரியில் இருக்கிறார்கள். மோட்டாரை வெளியே எடுக்கிற சமயம் வந்தால் விட்டுப் பாருங்கள். கேசிங் எங்கே முடிகிறது, எந்த அடியில் தண்ணீர் கசிகிறது என்று தெரியும்.

மணிவண்ணன்_தருமபுரி

சரி அண்ணா. பக்கத்து வீட்டுப் போர் 400 அடி, அவர்களுக்கு எருக்குழி கிடையாது. அந்தத் தண்ணீரையும் நைட்ரேட்டுக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் NO3-ஆ NO3-N-ஆ என்று பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன்.